உள்ளே ஒரு மரியாதை, வெளியே ஒரு மரியாதை

ஜப்பானிய அலுவலக மின்னஞ்சலில் எவ்வளவு பணிவு வேண்டும்? முதலில் பார்க்க வேண்டியது, அது நிறுவனத்துக்குள் போகிறதா, வெளியாருக்கா என்பதைத்தான்.

ஓர் ஆவணம் கேட்கிறீர்கள். கூட வேலை பார்ப்பவருக்கு 'ஒகுத்தே குதசாய்' (அனுப்புங்கள்) போதும். மேலாளருக்கு அது கட்டளைபோல் ஒலிக்கும். 'ஒகுத்தே இதடகேமசு கா' என்று, அனுப்ப முடியுமா எனக் கேள்வியாக்குங்கள். வாடிக்கையாளருக்கு 'ஒஒகுரி இதடகேமசு தொ சைவாய் தேசு', அதாவது அனுப்பித் தந்தால் மகிழ்வேன்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது மேலாளரின் பெயரில். அலுவலகத்துக்குள் 'தனகா கச்சோ' என்று பெயருக்குப் பின்னால் பதவியைச் சேர்த்தால் அதுவே மரியாதை. அவரையே வாடிக்கையாளரிடம் குறிப்பிடும்போது 'கச்சோ நோ தனகா' என்று பதவியை முன்னால் வைத்து, பெயரை அடைமொழியின்றி விட வேண்டும். வெளியாரிடம் நம்மவரை உயர்த்தினால், எதிரில் இருப்பவரைத் தாழ்த்தியதாகிவிடும்.