இரண்டு பேரும் இருபத்தேழு பேரும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனில் நுரையீரல் புற்றுநோயால் இறப்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போனார்கள். சாலைக்கு ஊற்றும் தார், மோட்டார் வண்டிப் புகை, சிகரெட் என எதன் மீதும் பழி போடலாம் என்ற நிலை. ரிச்சர்ட் டால் என்ற மருத்துவர் முதலில் சந்தேகப்பட்டது தாரைத்தான்.

அவரும் புள்ளியியலாளர் பிராட்ஃபோர்ட் ஹில்லும் நோயிலிருந்து பின்னோக்கி நடந்தார்கள். லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோய் கண்ட 649 ஆண்கள் ஒரு பக்கம். கிட்டத்தட்ட அதே வயதில் வேறு நோய்களுக்காகச் சேர்ந்திருந்த 649 ஆண்கள் மறுபக்கம். இரு தரப்பிடமும் ஒரே கேள்விகள். புகைப் பழக்கமே இல்லாதவர்கள் புற்றுநோயாளிகளில் 2 பேர், மற்றவர்களில் 27 பேர். 1950-இல் வெளியான இது கேஸ்-கண்ட்ரோல் ஆய்வு. நோய் வந்தவர், வராதவர் என்று முதலில் பிரித்துவிட்டு, அவர்களுடைய பழக்கத்தை அதன்பிறகு தேடுவது.

647-ஐ 2-ஆல் வகுத்து, அதை 622-ஐ 27-ஆல் வகுத்து வருவதோடு ஒப்பிட்டால் சுமார் 14 மடங்கு. ஆனால் புகைப்பவரில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு நோய் வரும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. நோயாளிகள் எத்தனை பேர், மற்றவர்கள் எத்தனை பேர் என்பதை ஆய்வாளர்களே அல்லவா தீர்மானித்தார்கள்?

இன்னொரு சிக்கல் ஞாபகம். புற்றுநோய் வந்தவர் தன் பழக்கத்தைக் கூடுதலாகத் துருவி நினைப்பார். நோய் தெரிந்து கேட்பவரும் அழுத்திக் கேட்பார். டாலும் ஹில்லும் இதைச் சோதித்த விதம் அபாரம். புற்றுநோய் என்று கருதி பேட்டி எடுக்கப்பட்ட சிலருக்கு, பிறகு அது இல்லை என்று தெரிந்தது. கேள்வியிலோ ஞாபகத்திலோ சாய்வு இருந்திருந்தால் இவர்களும் அதிகம் புகைத்தவர்களாகப் பதிவாகியிருக்க வேண்டும். ஆனால் இவர்களின் பதில்கள் புற்றுநோய் இல்லாதவர்களின் பதில்களோடுதான் ஒத்துப்போயின.

ஊரையே ஒரு நாளில் கணக்கெடுத்திருந்தால்? அதுதான் குறுக்குவெட்டு ஆய்வு. செலவு குறைவு, ஆனால் இங்கே உதவியிருக்காது. இந்த நோய் சீக்கிரம் உயிரைப் பறித்துவிடும் என்பதால் அன்றைக்கு உயிரோடு இருப்பவர் மட்டுமே கணக்கில் வருவார்கள். இருமல் கண்டு சிகரெட்டை விட்டவரும் ‘இப்போது புகைப்பதில்லை’ என்ற கட்டத்தில் விழுந்துவிடுவார். எது முதலில் வந்தது என்பது தெரியாமலே போகும்.

அதனால் 1951-இல் இருவரும் திசையை மாற்றினார்கள். பிரிட்டன் மருத்துவர்களுக்குக் கடிதம் போட்டு, புகைப் பழக்கத்தை முன்கூட்டியே குறித்துக்கொண்டு காத்திருந்தார்கள். இது கோஹார்ட் ஆய்வு. பதில் அனுப்பியவர்கள் ஏறத்தாழ 40,000 பேர். 1954-க்குள் நுரையீரல் புற்றுநோயால் இறந்த 36 ஆண் மருத்துவர்களும் புகைத்தவர்களே.

இதிலும் ஓட்டை உண்டு. ஏற்கெனவே படுக்கையில் கிடந்தவர்கள் பதில் போடவில்லை; ஆகவே முதல் சில ஆண்டுகளில் ஆய்விலிருந்தவர்களின் இறப்பு விகிதம் மொத்த மருத்துவர்களுடையதைவிடக் குறைவாக இருந்தது. காலப்போக்கில் பலர் சிகரெட்டைக் கைவிட்டதால் பழைய பதிவும் பொய்யாகிக்கொண்டே வந்தது. எனவே அதே மருத்துவர்களுக்கு மறுபடி மறுபடி கடிதம் போக வேண்டியிருந்தது; கடைசிக் கடிதம் போனது 2001-இல்.