தம்ப்நெயிலில் எழுதத் தகுந்தது எது?

இரவு பத்தரை மணிக்கு ஒரு தங்கை அழைத்தார். ஜவுளிக்கடையில் வேலை. வீடு திரும்பிச் சாப்பிட்டு முடித்தால் படிக்கக் கிடைப்பது இரண்டு மணி நேரம். குரூப் 4 தேர்வுக்காக என் சேனலைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, நீங்க சொன்ன 90 நாள்ல இன்னைக்கு 71 ஆச்சு. நான் இன்னும் எட்டாம் வகுப்பு சமூக அறிவியல்லயே நிக்கிறேன். எனக்கு மூளை மந்தமா அண்ணா?”

‘90 நாளில் குரூப் 4 பாடத்திட்டம் முழுவதும்’ என்பது நான் வைத்த தலைப்பு. பக்கத்து சேனல்கள் எல்லாம் ‘60 நாள்’, ‘45 நாள்’ என்று போட்டுக்கொண்டிருந்ததால், 90 என்பது நிதானமான எண் என்று நம்பினேன். அன்றிரவு போனை வைக்காமலேயே அவருடன் சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழில் ஐந்து புத்தகம், சமூக அறிவியலில் ஐந்து, அறிவியலில் ஐந்து. 11, 12-ஆம் வகுப்புப் புத்தகங்களைத் தொடவே இல்லை; இந்த 15 மட்டும்தான். அவர் ஒரு புத்தகத்தைக் கவனமாகக் குறிப்பெடுத்துப் படிக்க 12 மணி நேரம் ஆகிறது. படித்தது நிற்க வேண்டுமென்றால் திருப்புதல் வேண்டும்; அதற்கு ஆறு மணி நேரம். ஆக ஒரு புத்தகத்துக்கு 18 மணி, 15 புத்தகத்துக்கு 270 மணி. ஒரு நாளைக்கு இரண்டு மணி வீதம் 90 நாளில் அவருக்குக் கிடைப்பது 180 மணி. அதாவது பத்துப் புத்தகம். கணிதப் பயிற்சியும் பழைய வினாத்தாள்களும் இதில் சேரவே இல்லை.

71 நாளில் அவர் படித்தது 142 மணி நேரம். எட்டாவது புத்தகம் முடியும் தறுவாயில் இருந்தார். 8 புத்தகத்துக்கு 144 மணி. ஒரு நாள்கூடப் பின்தங்காமல், இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தார். தவறு என் தலைப்பில் இருந்தது. அதை அவர் தன் மூளையின் தவறு என்று எடுத்துக்கொண்டார்.

மிகைப்படுத்திய வாக்குறுதி செய்கிற கேடு இதுதான். பணம் போவது ஒரு பக்கம். சரியாகப் படித்துக்கொண்டிருக்கிற ஒருவர், தான் தோற்றுக்கொண்டிருப்பதாக நினைத்துப் பாதியில் விடுவது அதைவிடப் பெரிய இழப்பு.

அதன் பிறகு எங்கள் சேனலில் நாட்களை வைத்துத் தலைப்புப் போடுவதில்லை. மணிக்கணக்கை வைத்துப் போடுகிறோம். ‘தினமும் 2 மணி நேரம் கிடைப்பவருக்கு: 180 மணியில் எதுவரை போகலாம்?’ என்பது இப்போதைய தலைப்பு. உள்ளே முழுப் பங்கீடும் இருக்கும். குரூப் 4 வினாத்தாளில் 200 வினாக்கள், 300 மதிப்பெண். அதில் தமிழ்ப் பகுதி 100 வினாக்கள், 150 மதிப்பெண். தமிழில் 60 எடுக்காவிட்டால் பொது அறிவுப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் முதல் 90 மணி ஐந்து தமிழ்ப் புத்தகங்களுக்கு. திறனறிவில் 25 வினாக்கள் உண்டு. தினம் அரை மணி வீதம் அதற்கு 45 மணி. மீதி 45 மணியில் அரசியலமைப்புப் பாடங்களும் பழைய வினாத்தாள்களும். இந்தத் திட்டத்தில் அறிவியல் பெரும்பாலும் விடுபடும் என்பதை வீடியோவின் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறோம். எது விடுபடும் என்று சொல்லாத படிப்புத் திட்டத்தை நம்பி ஒருவர் தன் மூன்று மாதத்தைக் கொடுக்கக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் ‘வேலை உறுதி’ என்று ஒருவரால் எழுத முடிகிறதென்றால், போட்டியின் அளவை அவர் பார்க்கவில்லை என்றே அர்த்தம். 2025 ஜூலை 12-ஆம் தேதி நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 3,935. எழுதியவர்கள் 11 லட்சத்துக்கும் மேல். ஏறக்குறைய 280 பேருக்கு ஓர் இடம். பிறகு இடங்கள் கூடுவது வழக்கம்தான். இரண்டு மடங்கானாலும் 140 பேருக்கு ஒருவர். ஒரு லட்சம் சந்தாதாரர் உள்ள சேனலில் எல்லாரும் நன்றாகவே படித்தாலும், பெரும்பாலானவர்களுக்கு அந்த ஆண்டு வேலை கிடைக்காது. சேனல் நடத்துகிறவர் தினமும் பேசுவது இந்தப் பெரும்பாலானவர்களிடம்தான்.

அடுத்தது தேர்வு முடிந்த அன்று மாலையே வருகிற அறிவிப்பு: ‘200-க்கு 150 வினாக்கள் நம் வகுப்பிலிருந்து!’ இது பெரும்பாலும் பொய்யாகச் சொல்லப்படுவதில்லை. அளவுகோலே தளர்ந்திருப்பதால் அப்படி வருகிறது. எப்படி என்று பார்ப்போம். வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் பற்றி ஒரு சேனல் வகுப்பு எடுத்திருக்கிறது. 1930, ராஜாஜி தலைமை, திருச்சியிலிருந்து புறப்பட்டது என மூன்று செய்திகளும் அதில் இருக்கின்றன. தேர்வில் அந்தப் பயணத்துக்கான வழிநடைப் பாடலை எழுதியவர் யார் என்று கேட்டால் விடை நாமக்கல் கவிஞர். அது வகுப்பில் சொல்லப்படவில்லை. ஆனாலும் ‘வேதாரண்யம் நடத்தினோமே’ என்று அந்த வினாவும் சேனலின் கணக்கில் ஏறிவிடும். அந்த வகுப்பை மட்டும் பார்த்த மாணவருக்கு அதில் ஒன்றரை மதிப்பெண் கிடைத்திருக்காது.

இதை நேர்மையாக எண்ண ஒரு வழி வைத்திருக்கிறோம். தேர்வுக்கு முந்தைய நாளோடு எங்கள் வினாப் பட்டியலைப் பூட்டிவிடுவோம். அதன்பின் ஒன்றும் சேராது. வினாத்தாள் வந்ததும் இரண்டு பேர் தனித்தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு வினாவையும் மூன்றில் ஒரு கட்டில் போடுவார்கள். எங்கள் வகுப்பை மட்டும் பார்த்தவர் விடையளிக்கக்கூடியது முதல் கட்டு. பாடம் நடத்தினோம், ஆனால் அந்தச் செய்தியைச் சொல்லவில்லை என்பது இரண்டாவது. தொடவே இல்லை என்பது மூன்றாவது. இருவரும் வேறுபடுகிற வினா கீழ்க் கட்டுக்குப் போகும்.

ஓர் உதாரணத்துக்கு, முதல் கட்டில் 31, இரண்டாவதில் 54, மூன்றாவதில் 115 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் இரண்டையும் கூட்டி 85 என்று போடலாம். ஆனால் மாணவருக்குப் பயன்பட்டது 31 மட்டும்தான். அந்த 31-க்கும் பக்கத்தில் இன்னோர் எண் வேண்டும்: அதற்காக மொத்தம் எத்தனை வினாக்களைப் பதிவிட்டோம்? ஆறாயிரம் வினாக்களை இறைத்துவிட்டு 31 பொருந்தியது என்றால், மாணவரின் நேரத்தை வைத்துப் பார்க்கும்போது அது பெருமைப்படத்தக்க எண் இல்லை. கடைசியாக, அதே வினாத்தாளில் பள்ளிப் புத்தகத்திலேயே விடை இருந்தவை எத்தனை என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். புத்தகத்தின் எண் நம் எண்ணைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தால், மாணவருக்கு அடுத்த ஆண்டு சொல்ல வேண்டிய அறிவுரை தெளிவாகிவிடும்: முதலில் புத்தகம், பிறகு வீடியோ.

மூன்றாவது, வெற்றி பெற்றவர்களின் புகைப்பட வரிசை. இதில் ஒழுக்கத்தோடு சட்டமும் சேர்ந்திருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சித் துறையின் தவறான விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஐம்பது பேருக்கு மேல் பயிற்சி தருகிறவர்களைக் கருத்தில் கொண்டவை அவை. தேர்ச்சி உறுதி, வேலை உறுதி என்று விளம்பரம் செய்யக் கூடாது. தேர்ச்சி பெற்றவரின் பெயரையும் படத்தையும் போட அவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். அதையும் அவர் தேர்ச்சி பெற்ற பிறகுதான் வாங்க வேண்டும். வகுப்பில் சேரும்போதே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது செல்லாது. அவர் எந்த வகுப்பில், எவ்வளவு காலம் படித்தார், கட்டணம் செலுத்தினாரா என்பதும் படத்தோடு இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதிக்குக் காரணம் இருக்கிறது. சிவில் சர்வீஸ் தேர்வில் வென்றவர்களில் பலர் கடைசிக் கட்டத்தில் இலவச நேர்முகப் பயிற்சிக்கு மட்டும் ஒரு நிறுவனத்துக்குப் போயிருப்பார்கள். விளம்பரத்தில் அவர்கள் முழு வகுப்பில் படித்தவர்கள் போலத் தோன்றுவார்கள். நம் ஊர்க் கணக்கில் இதற்கு இணையானது டெஸ்ட் பேட்ச். இரண்டே தேர்வு எழுதியவரின் படம் ஆண்டு முழுக்க நடக்கும் கட்டண வகுப்பின் விளம்பரத்தில் வரும். ஒரே ஆள் மூன்று சேனல்களின் சுவரொட்டியில் சிரிப்பதும் இப்படித்தான். படம் போட்டே ஆக வேண்டுமென்றால் கீழே ஒரு வரி போதும்: ‘மாதிரித் தேர்வு மட்டும், 2 தேர்வுகள்’. அதோடு, அந்த வகுப்பில் மொத்தம் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணும் வேண்டும். மேலே உள்ள எண்ணை மட்டும் காட்டி, கீழே உள்ளதை மறைத்தால் அந்தப் பின்னத்துக்குப் பொருளே இல்லை.

கட்-ஆஃப் கணிப்பு வீடியோ பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். நாங்கள் போடுவதில்லை. சேனலில் கருத்துக்கணிப்பு வைத்தால் 170 வினா சரியாகப் போட்டவர் உடனே பதில் சொல்வார். 120 போட்டவர் பேசாமல் நகர்ந்துவிடுவார். வருகிற சராசரி எப்போதும் உயர்ந்தே நிற்கும். அதைப் பார்த்து மனமுடைகிறவர்கள் அந்தப் பேசாத கூட்டம்தான். இன ஒதுக்கீடு, பெண்கள் ஒதுக்கீடு, தமிழ்வழி ஒதுக்கீடு, தட்டச்சுத் தகுதி என்று பல வரிசைகள் உள்ள தேர்வில் ஒரே எண்ணைச் சொல்வதிலும் அர்த்தமில்லை. அதற்குப் பதிலாக, தேர்வாணையத்தின் உத்தேச விடைக்குறிப்பை வைத்து அவரவர் மதிப்பெண்ணைக் கணக்கிடக் கற்றுக்கொடுக்கிறோம்: முதலில் தமிழில் 60 தாண்டியதா, பிறகு மொத்தம் எவ்வளவு.

அந்தத் தங்கைக்கு அன்றிரவு மீதமிருந்தது 19 நாள், 38 மணி நேரம். கையிலிருந்த புத்தகத்தை முடிக்க இரண்டு மணி போக 36. சரியாக இரண்டு புத்தகம். ஒன்பது, பத்தாம் வகுப்புத் தமிழை மட்டும் எடுக்கச் சொன்னேன். மற்றதை விட்டுவிடச் சொன்னபோது தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். தேர்வு எழுதினார். அந்த முறை அவருக்கு வேலை கிடைக்கவில்லை.

முடிவு வந்த வாரம் மறுபடி அழைத்தார். குரலில் வருத்தம் இருந்தது. ஆனால் கேள்வி எதுவும் இல்லை, கணக்கு இருந்தது.

“மீதி அஞ்சு புத்தகம் அண்ணா. தொண்ணூறு மணி நேரம். எனக்கு நாப்பத்தஞ்சு நாள் ஆகும். இன்னைக்கே எட்டாம் வகுப்பு அறிவியலை எடுத்துட்டேன்.”