பிள்ளை பெற்றவள் அழுகிறாள்: களைப்பா, நோயா?

சங்கரன்கோவில் தறிச் சத்தத்திலும் தொட்டில் பிள்ளை தூங்கிவிடுகிறது. பெற்றவள் மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறாள். "பிள்ளை பெத்த உடம்பு, அலுப்பு இருக்கத்தானே செய்யும்" என்கிறார் மாமியார்.

அலுப்புதானா? இரண்டு மூன்று இரவு பாட்டி பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும். பால் கொடுக்க மட்டும் தாயை எழுப்பட்டும். அவள் அடித்துப் போட்டதுபோல் தூங்கி, முகம் தெளிந்தால் களைப்பு. பிள்ளை தூங்கியும் தூக்கம் வராமல், பிள்ளை சிரித்தும் மனசு ஒட்டாமல், "நான் நல்ல அம்மா இல்ல" என்று புலம்பினால் சங்கதி வேறு.

பிரசவமான இரண்டு மூன்று நாளில் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கும். அதற்கு மேலும் நீடித்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம்.

வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரத்தில் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், பிரசவத்துக்குப் பின் புதிதாக இந்நோய் கண்டவர்கள் நூற்றுக்கு 11 பேர். ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடு மனத்தாங்கல், ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது ஆகியவை அவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டன. பேயும் கண்ணேறும் பட்டியலில் இல்லை!

ரத்தசோகையும் தைராய்டு கோளாறும்கூட இப்படிக் காட்டும். அதனால் டாக்டர் ரத்தம் சோதிப்பார். தாய்ப்பால் கொடுத்தபடியே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் உண்டு. "செத்துப்போறேன்" என்றாலோ, பிள்ளையை ஏதும் செய்துவிடுவேனோ என்று பயந்தாலோ தனியே விடக்கூடாது, அன்றே ஆஸ்பத்திரி. 14416-க்கு போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.