ஒன்றும் ஒன்றும்: பூஜ்ஜியம் போட்டு, கையில் ஒன்று

1937 நவம்பர். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த கணிதவியலாளர் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ், வீட்டுச் சமையலறை மேசையில் ஒரு கருவியைப் பூட்டினார். தொலைபேசி ரிலேக்கள், டார்ச் பல்புகள், புகையிலை டப்பாவில் வெட்டிய தகரத் துண்டுகள், பேட்டரி. அவ்வளவுதான் சாமான். அது ஒற்றை இலக்க இரும எண்கள் இரண்டைக் கூட்டி, விடையைப் பல்புகளில் காட்டியது.

இன்று அதே கணக்கைப் பார்க்க, கல்லூரி ஆய்வகங்களில் கிடைக்கும் இரண்டு சில்லுகள் போதும்: 74LS08, 74LS86. முதலாவதில் நான்கு ஆண்ட் கேட்கள், இரண்டாவதில் நான்கு எக்ஸ்-ஆர் கேட்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கேட்தான் நமக்கு வேண்டும்.

ஏன் இந்த இரண்டு? பள்ளியில் ஏழும் எட்டும் கூட்டும்போது ஐந்தைப் போட்டு, கையில் ஒன்று என்போம். போட வேண்டியது ஒன்று, கையில் வைக்க வேண்டியது இன்னொன்று. இரும எண்ணில் இலக்கங்கள் 0, 1 மட்டும்தான். இரண்டு உள்ளீட்டில் ஏதாவது ஒன்று மட்டும் 1 என்றால் 1 போட வேண்டும். எக்ஸ்-ஆர் கேட் செய்வது அச்சாக அதைத்தான். இரண்டுமே 1 ஆனால் விடை இரண்டு, இரும எழுத்தில் 10. அதாவது 0 போட்டு, கையில் 1. இரண்டும் 1 ஆனால் மட்டும் 1 தருவது ஆண்ட் கேட். ஒரே ஜோடி உள்ளீட்டை இரண்டு கேட்டுக்கும் பிரித்துக் கொடுத்தால் அரைக்கூட்டி தயார். இதில் எந்தக் கேட்டுக்கும் கூட்டல் தெரியாது என்பதுதான் வேடிக்கை.

இரண்டு சில்லிலும் 14-ஆம் கால் 5 வோல்ட், 7-ஆம் கால் தரை. 1, 2 உள்ளீடு, 3 வெளியீடு. ஒவ்வொரு வெளியீட்டிலும் 330 ஓம் தடையோடு ஒரு எல்.இ.டி. (மங்கலாகத்தான் எரியும்.) பலரும் தடுக்கி விழும் இடம் சுவிட்ச். திறந்தால் 0, மூடினால் 5 வோல்ட் என்று வைத்துவிடுகிறார்கள். எதனோடும் சேராத உள்ளீட்டை இந்த LS வகைச் சில்லு 1 என்றே எடுத்துக்கொள்ளும். எதையும் அழுத்தாமலே ஆண்ட் பக்க விளக்கு எரிந்தால் காரணம் இதுதான். 0 வேண்டுமானால் உள்ளீட்டைத் தரையோடு இணைத்தாக வேண்டும்.

சரி, ஏன் ‘அரை’? 3-ஐயும் 1-ஐயும், அதாவது 11-ஐயும் 01-ஐயும் கூட்டிப் பாருங்கள். வலக்கோடியில் 1, 1: 0 போட்டு, கையில் 1. அடுத்த இடத்தில் 1, 0, அதோடு கையில் வந்த 1. மூன்று இலக்கங்கள், அரைக்கூட்டிக்கோ இரண்டு உள்ளீடுதான். ஆகவே முதல் அரைக்கூட்டி 1, 0 இரண்டையும் கூட்டி 1 தருகிறது. இரண்டாவது அதோடு கையிலிருந்ததைச் சேர்த்து 0 போட்டு, கையில் 1 என்கிறது. விடை 100, அதாவது நான்கு. இரண்டு அரைக்கூட்டிகளின் ‘கையிலிருப்பை’யும் ஓர் ஆர் கேட் ஒன்றாக்கினால் அது முழுக்கூட்டி. 7483 என்ற ஒரே சில்லில் அப்படி நான்கு இலக்கங்களைக் கூட்டும் சுற்று இருக்கிறது.