வேலையை விட்ட மறுநாள்: போட்டித் தடை நிபந்தனை எதுவரை செல்லும்?

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 27-வது பிரிவு மிகச் சிறியது. சட்டத்துக்கு உட்பட்ட எந்தத் தொழிலையும் வணிகத்தையும் ஒருவர் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம், அந்தத் தடையின் அளவுக்குச் செல்லாது என்பதே அதன் சாரம். விதிவிலக்கு ஒன்றுதான் அங்கே தரப்பட்டுள்ளது. ஒரு கடையை அதன் நற்பெயரோடு சேர்த்து விற்பவர், வாங்கியவருக்குப் போட்டியாக அதே வட்டாரத்தில் கடை போடுவதில்லை என்று நியாயமான எல்லைக்குள் ஒப்புக்கொள்ளலாம். கூட்டாளிகளுக்கிடையிலான சில தடைகளைக் கூட்டாண்மைச் சட்டம் தனியே அனுமதிக்கிறது. வேலைக்குச் சேர்பவரைப் பற்றி எந்த விலக்கும் இல்லை. ஆனால் இன்றைய பணி நியமன ஒப்பந்தங்கள் பலவற்றில், வேலையை விட்டபின் ஓராண்டோ இரண்டாண்டோ போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற நிபந்தனை காணப்படுகிறது. இது எதுவரை செல்லும் என்பதே கேள்வி.

இங்கிலாந்தில் இதற்கான விடை வேறு. அங்கு வணிகத் தடை முதல் பார்வையில் செல்லாது. ஆனால் காப்பாற்றத் தகுந்த ஒரு நலன் முதலாளிக்கு இருந்து, தடையின் காலமும் பரப்பும் நியாயமான அளவைத் தாண்டாவிட்டால் செல்லும். 1894-இல் நோர்டன்ஃபெல்ட் வழக்கில் பிரபுக்கள் அவை இந்த அளவுகோலை உறுதிசெய்தது. பீரங்கித் தொழிலை விற்ற ஒருவர் 25 ஆண்டுகளுக்கு உலகெங்கும் போட்டியில் இறங்கக்கூடாது என்ற தடையை, அவர் பெற்ற பெருந்தொகையையும் அந்தத் தொழிலின் தன்மையையும் பார்த்து அது ஏற்றது. தொழிலை விற்றவருக்குக் காட்டிய அதே தாராளத்தை ஊழியர் விஷயத்தில் அந்த அவை காட்டவில்லை. பாரம் தூக்கும் எந்திரங்களைச் செய்யும் நிறுவனம் ஒன்று தன் பொறியாளருக்கு விதித்த ஏழாண்டுத் தடையை அது 1916-இல் தள்ளியது. ஊழியர் தன் கையோடு எடுத்துச் செல்லும் பொதுவான திறமை அவருடையது, அதற்கு முதலாளி உரிமை கோர முடியாது என்பதே காரணம்.

இந்தியச் சட்டத்தில் ‘நியாயமான’ என்ற அந்த வடிகட்டி இல்லை. சட்டம் வந்து இரண்டே ஆண்டுகளில், 1874-இல், கல்கத்தா உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நகரின் ஒரே பகுதியில் கடை வைத்திருந்த இரண்டு வணிகர்களில் ஒருவர், கடையை மூடிவிட்டால் நீ வேலையாட்களுக்குக் கொடுத்திருக்கும் முன்பணம் முழுவதையும் தந்துவிடுகிறேன் என்று மற்றவருக்கு வாக்களித்தார். கடை மூடப்பட்டது, பணம் வரவில்லை. அந்த ஒரு பகுதிக்கு மட்டுமான தடைதானே, முழுத் தடை இல்லையே என்று வாதாடிப் பார்த்தார்கள். தலைமை நீதிபதி ரிச்சர்ட் கூச் அதை ஏற்கவில்லை. அடுத்த பிரிவான 28-இல் ‘முற்றிலுமாக’ என்ற சொல் இருக்கிறது, 27-இல் இல்லை. ஆகவே பகுதித் தடையும் தடையே என்றார். கடையை மூடியவருக்குப் பணம் கிடைக்கவில்லை. தொழில் சுதந்திரத்தைக் காக்கும் விதி, வாக்கை நம்பிக் கடையை மூடியவரையே கைவிட்டது அந்த வழக்கின் கசப்பு. பிரிவு இவ்வளவு கடுமையாக இருப்பதன் மூலம், நியூயார்க்குக்காக டேவிட் டட்லி ஃபீல்டு வரைந்த சட்ட நகலில் இருக்கிறது. அதே நகலைப் பின்பற்றிய கலிபோர்னியாவிலும் ஊழியர் மீதான போட்டித் தடை இன்றுவரை செல்லாது.

அப்படியானால் ஊழியர் ஒப்பந்தத்தில் எந்தத் தடையும் நிற்காது என்று முடிவுகட்டத் தோன்றும். அதைத் திருத்துவது 1967-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கோலிகரி வழக்கு. செஞ்சுரி ஸ்பின்னிங் நிறுவனம் மும்பைக்கு அருகே கல்யாணில் டயருக்கான நூலைத் தயாரிக்கும் ஆலையை அமைத்தது. தொழில்நுட்பம் ஹாலந்து, மேற்கு ஜெர்மனி நிறுவனங்களிடமிருந்து வந்தது. இரகசியத்தைக் காப்போம், ஊழியர்களிடமும் அதற்கான உறுதிமொழி வாங்குவோம் என்று அந்த நிறுவனங்களுக்கு வாக்கும் தரப்பட்டிருந்தது. அங்கே ஷிஃப்ட் மேற்பார்வையாளராக ஒருவர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார். அந்த ஐந்தாண்டுக்குள் விலகினால், மிச்சமுள்ள காலம் முடியும்வரை அதே போன்ற தொழிலில் வேறு இடத்தில் சேரக்கூடாது என்பது நிபந்தனை. பயிற்சி பெற்ற அவர் 1964-இல் விலகி, அதே நூலைத் தயாரிக்கவிருந்த கோட்டாவின் ராஜஸ்தான் ரேயான் நிறுவனத்தில் கூடுதல் சம்பளத்துக்குச் சேர்ந்தார்.

உச்ச நீதிமன்றம் தடையாணையை உறுதிசெய்தது. ஒப்பந்தக் காலத்துக்குள் ‘எனக்கு மட்டும் வேலை செய்’ என்று கேட்பது பொதுவாக வணிகத் தடை ஆகாது என்றது. இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டும் முதலாளிகள் வழக்கமாக விட்டுவிடும் இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது, தடையாணை 1968 மார்ச்சில், அதாவது ஒப்பந்தத்தின் ஐந்தாண்டு முடியும் நாளோடு நின்றுவிட்டது. இரண்டாவது, அது குறிப்பிட்ட அந்தத் தொழிலுக்கு மட்டுமே. மற்ற வேலைகளுக்கு அவர் போகலாம். பட்டினி கிடக்க வேண்டும் அல்லது பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும் என்ற நிலையை நீதிமன்றம் உண்டாக்கவில்லை. இன்றைய நியமனங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கால வரையறை கிடையாது. ஒரு மாதமோ மூன்று மாதமோ நோட்டீஸ் கொடுத்து இரு தரப்பும் பிரியலாம். அத்தகைய ஒப்பந்தத்தில் கோலிகரி தீர்ப்பு நோட்டீஸ் காலம் முடியும்வரைதான் முதலாளிக்குக் கைகொடுக்கும்.

வேலை முடிந்த பின்னான தடை பற்றி அடிக்கடி சுட்டப்படுவது 1980-இன் சூப்பரின்டென்டென்ஸ் கம்பெனி வழக்கு. சரக்குகளின் தரத்தையும் அளவையும் ஆய்வு செய்யும் நிறுவனம் அது. அதன் டெல்லி கிளை மேலாளரின் ஒப்பந்தத்தில், நிறுவனத்தை விட்டுச் சென்றபின் கடைசியாகப் பணிபுரிந்த இடத்தில் இரண்டாண்டு போட்டித் தொழில் செய்யக்கூடாது என்றிருந்தது. 1978-இல் நிறுவனமே அவரை நீக்கியது. அவர் டெல்லியிலேயே அதே தொழிலைத் தொடங்கினார். உச்ச நீதிமன்றம் அவரைத் தடுக்க மறுத்தது.

பாடநூல்கள் இதை, ‘பணிக்குப் பிந்தைய தடை செல்லாது என்று மூன்று நீதிபதிகளும் தீர்த்தார்கள்’ என்பதுபோல் எழுதிவிடுவதுண்டு. நடந்தது சற்று வேறு. பெரும்பான்மை நீதிபதிகள் இருவரும் ‘விட்டுச் செல்வது’ என்ற சொல் தானாக விலகுவதையே குறிக்கும், நீக்கப்பட்டவருக்கு நிபந்தனையே பொருந்தாது என்று சொல்லி, 27-வது பிரிவின் கேள்வியை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். தடை நியாயமானதா, பகுதியானதா என்ற ஆராய்ச்சிக்கே இந்தியச் சட்டத்தில் இடமில்லை என்று விரிவாக எழுதியவர் நீதிபதி ஏ.பி. சென். பின்னாளில் நிலைத்தது அவருடைய கருத்துதான். 2006-இல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கு எதிரான வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்தபின் நீளும் தடைக்கு நியாயம் என்ற அளவுகோல் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் மீண்டும் சொன்னது. ஆக, இந்தியாவில் கோடு விழுவது தடையின் நீள அகலத்தில் இல்லை, ஒப்பந்தத்தின் கடைசி நாளில்.

முதலாளி தரப்பு வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இரகசியத்தைக் காத்துக்கொள், வேலைக்குப் போ என்று ஒருவரிடம் சொல்லலாம். ஆனால் ஆலையின் வெப்பநிலைக் கணக்கும் வேதிக் கலவை விகிதமும் தெரிந்தவர் போட்டியாளரின் ஆலையில் உட்கார்ந்தபின், அவர் எதைச் சொன்னார் என்று நிரூபிப்பது எப்படி? கசிவைப் பிடிப்பதைவிடக் கதவைச் சாத்துவது எளிது என்பதே போட்டித் தடையின் பின்னுள்ள தர்க்கம். பெரும் சம்பளம் வாங்கும், சட்ட ஆலோசகரோடு பேரம் பேசும் மூத்த அதிகாரியையும் பட்டறைத் தொழிலாளியையும் 27-வது பிரிவு ஒரே தட்டில் வைக்கிறது என்ற குறையும் உண்மை. நியாயமான தடைகளை ஏற்கும்படி பிரிவைத் திருத்தலாம் என்று சட்ட ஆணையம் 1958-இலேயே பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் திருத்தவில்லை. எதிர்த் தரப்பில் கனமான வாதம், ‘நியாயமானதா’ என்பதை முடிவு செய்ய வழக்கு நடக்க வேண்டும் என்பது. அதுவரை வேலையின்றிக் காத்திருப்பவர் ஊழியர்தான். நிறுவனத்துக்கு அந்தக் காத்திருப்பே வெற்றி. தெளிவான விதி இந்த ஆயுதத்தையாவது பறிக்கிறது.

போட்டித் தடை விழுந்தாலும் முதலாளியிடம் வேறு கருவிகள் இருக்கின்றன. இரகசியக் காப்பு நிபந்தனை வேலை முடிந்தபின்னும் செல்லும். ஆனால் இரகசியம் எது என்று நிறுவனம் குறிப்பிட்டுக் காட்ட வேண்டும். 2006-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி, விலகும் அதிகாரியிடம் வாடிக்கையாளர் விவரங்கள் இருப்பதைச் சொல்லித் தடை கேட்டபோது, இரகசியத்தின் பேரால் ஊழியரைக் கட்டிப்போட முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. மற்றொன்று பயிற்சி பாண்டு. விஜயா வங்கி, மூன்றாண்டுக்குள் விலகும் அதிகாரி 2 இலட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று வைத்த நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஏற்றது. அது வேறு வேலைக்குப் போவதைத் தடுக்கவில்லை, பணிக் காலத்துக்குள் விலகுவதற்கு விலை வைக்கிறது என்பதே அடிப்படை. பொதுத்துறை வங்கி ஆள் எடுக்கத் தேர்வும் விளம்பரமும் நடத்தும் செலவும் கணக்கில் எடுக்கப்பட்டது. செலவே செய்யாத நிறுவனம் அதே தொகையைக் கேட்டால், 74-வது பிரிவின் கீழ் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கிடைப்பது கடினம்.

தேர்வுத்தாளில் வரக்கூடிய கேள்வியாக இதை வைத்துப் பார்க்கலாம். கோயம்புத்தூர் பம்ப் நிறுவனமொன்றின் வடிவமைப்புப் பொறியாளர், மூன்று மாத நோட்டீஸில் ஒரு மாதம் மட்டும் இருந்துவிட்டுப் போட்டி நிறுவனத்தில் சேர்கிறார். தமிழகத்தில் இரண்டாண்டு போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற நிபந்தனையும், இரகசியக் காப்பும், இரண்டாண்டுக்குள் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தரும் பாண்டும் ஒப்பந்தத்தில் உண்டு. அவர் சேர்ந்து மூன்றாண்டு ஆகிவிட்டதால் பாண்டு காலாவதி. இரண்டாண்டுத் தடை, தமிழகத்துக்கு மட்டும் என்றாலும், செல்லாது. 1874 தீர்ப்பே போதும். மிச்சமுள்ள இரண்டு மாத நோட்டீஸுக்கு மட்டும் நிறுவனம் கோலிகரியைத் துணைக்கு அழைக்கலாம். நோட்டீஸுக்குப் பதில் சம்பளத்தைக் கட்டலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அந்த வாதமும் வலுவிழக்கும், கணக்கு பணத்தோடு முடியும். பம்ப்பின் இறக்கை வடிவ வரைபடங்களை அவர் பென் டிரைவில் எடுத்துப் போயிருந்தால் நிறுவனத்தின் வழக்கு வலுவானது. மூன்றாண்டில் கற்றுக்கொண்ட வடிவமைப்புத் திறமையை மட்டும் எடுத்துப் போயிருந்தால் வழக்கே இல்லை.

நடைமுறையில் இத்தகைய நிபந்தனைகள் நீதிமன்றம்வரை போவது அரிது. வக்கீல் நோட்டீஸ் ஒன்று புதிய நிறுவனத்துக்கும் அனுப்பப்படும். விடுவிப்புக் கடிதமும் கடைசி மாதக் கணக்கும் நிறுத்தி வைக்கப்படும். செல்லாத நிபந்தனை காகிதத்தில் இருப்பதற்குச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லாததால், அதை எழுதிவைப்பதில் நிறுவனத்துக்கு நட்டமும் இல்லை. விடுவிப்புக் கடிதம் இல்லாமல் ஆளைச் சேர்க்கத் தயங்கும் புதிய நிறுவனம் இருக்கும்வரை, 27-வது பிரிவு தந்த விடுதலையில் ஒரு பகுதி ஊழியரின் கைக்கு வந்து சேர்வதில்லை.