'வரச் சொன்னேன்' என்பதில் ஒரு ஆங்கிலப் பாடம்

'அவன் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.' இதை ஆங்கிலத்தில் சொல்லும்போது நம்மில் பலர் 'ஐ வான்ட் தட் ஹி ஷுட் கம்' என்கிறோம். கேட்பவருக்குப் புரியும், ஆனால் ஆங்கிலேயர் இப்படிச் சொல்வதில்லை. 'ஐ வான்ட் ஹிம் டு கம்' என்பார்கள்.

தவறு எங்கிருந்து வருகிறது? நம் வாக்கியத்தில் 'அவன்' எழுவாயாகவே நிற்கிறான். 'என்று' வந்து இரண்டு பகுதிகளையும் இணைக்கிறது. 'அவன்' என்பதை 'ஹி' என்றும், 'என்று' என்பதை 'தட்' என்றும் நாம் மாற்றிவிடுகிறோம்.

ஆனால் ஆங்கிலத்தின் வழி நமக்குப் புதிதல்ல. 'அவனை வரச் சொன்னேன்' என்று தினமும் சொல்கிறோமே! இங்கே 'அவன்' இல்லை, 'அவனை' இருக்கிறது. 'வர' என்ற எச்சம் காலம் காட்டுவதில்லை. காலத்தைச் 'சொன்னேன்' காட்டிவிடுகிறது. 'ஐ டோல்ட் ஹிம் டு கம்' என்பதும் இதே கட்டுமானம்தான். 'ஹிம்' என்பது 'அவனை', 'டு கம்' என்பது 'வர'. நேற்று நடந்ததைச் சொன்னாலும் 'டு கேம்' ஆகாது. 'வர' மாறாதது போலவே அதுவும் மாறாது. ஆஸ்க், அட்வைஸ், அலவ், எக்ஸ்பெக்ட் ஆகியவற்றையும் இப்படி அமைக்கலாம். தமிழில் 'என்று' கேட்கும் வான்ட் என்ற சொல்லும் ஆங்கிலத்தில் இந்த வரிசையில்தான் சேர்கிறது.

ஒரு மருத்துவர் நோயாளியிடம் ஓய்வெடுக்கச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'தி டாக்டர் அட்வைஸ்ட் ஹெர் டு ரெஸ்ட்' சரி. வேலைக்குப் போக வேண்டாம் என்றால், 'நாட்' என்பதை 'டு'வுக்கு முன்னால் வைக்க வேண்டும்: 'அட்வைஸ்ட் ஹெர் நாட் டு கோ டு வொர்க்'. அதை விட்டு 'டிட் நாட் அட்வைஸ் ஹெர் டு கோ' என்றால், போகும்படி அவர் ஆலோசனை சொல்லவில்லை என்றுதான் பொருள்படும். அவர் தெளிவாகத் தடுத்தார் என்ற செய்தி அதில் இல்லை.

இதே கருத்தை சஜெஸ்ட் என்ற சொல்லால் சொல்லும்போதுதான் பலர் சறுக்குகிறோம். பொருள் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் 'சஜெஸ்டட் ஹெர் டு ரெஸ்ட்' என்று எழுதிவிடுகிறோம். அது தவறு, 'சஜெஸ்டட் தட் ஷி ரெஸ்ட்' என்பதே சரி. ஹோப் என்பதும் அப்படியே: 'ஐ ஹோப் ஹிம் டு கம்' கூடாது, 'ஐ ஹோப் தட் ஹி கம்ஸ்' என்க. இங்கே நம் 'என்று' வாக்கியம்தான் கைகொடுக்கிறது.

பொருளை வைத்து எந்தச் சொல் எந்தப் பக்கம் என்று ஊகிக்க முடியாது. ஆகவே குறிப்பேட்டில் அட்வைஸ் என்பதற்கு எதிரே 'அறிவுறுத்து' என்று மட்டும் எழுதினால் போதாது. 'அட்வைஸ் ஹெர் டு ரெஸ்ட்', 'சஜெஸ்ட் தட் ஷி ரெஸ்ட்' என்று, சொல்லோடு அதன் பின்னால் வருவதையும் சேர்த்து எழுதுங்கள்.