வாங்கிய வேலையைப் பிறரிடம் கொடுத்துச் செய்யலாமா?

வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு, டைப்பிங், கணக்கெழுதுதல் போன்ற வேலைகளை எடுத்துச் செய்யும் சகோதர சகோதரிகள் நம் ஊர்களில் பெருகியிருக்கிறார்கள். வேலை கூடும்போது நம்மிடம் வரும் கேள்வி ஒன்றுதான். நம்மை நம்பித் தந்த வேலையை இன்னொருவரிடம் குறைந்த கூலிக்குக் கொடுத்துவிட்டு, மீதியை நாம் எடுத்துக்கொள்வது ஹலாலா?

ஃபிக்ஹில் இது ‘இஜாரா’ பாடத்தில் வரும். ஒரு குறிப்பிட்ட ஆளையே வேலைக்கு அமர்த்துவது வேறு, வேலையை முடித்துத் தரும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைப்பது வேறு என்று ஷாஃபிஈ மத்ஹபில் பிரிப்பார்கள். முந்தியதில் அவரே செய்ய வேண்டும். பிந்தியதில் பிறரைக் கொண்டும் செய்து முடிக்கலாம். ஹனஃபீ மத்ஹபிலும், ‘நீங்களே செய்ய வேண்டும்’ என்று நிபந்தனை இட்டிருந்தால் பிறரிடம் கொடுக்க முடியாது. அப்படி நிபந்தனை இல்லையென்றால் கொடுக்கலாம்.

ஆகவே வாடிக்கையாளர் எதற்குச் சம்மதித்தார் என்பதுதான் கேள்வி. அவர் நம் மாதிரிப் பக்கத்தைப் படித்து, நம் கைவேலைக்காக வந்திருந்தால், சொல்லாமல் கைமாற்றுவது நம்பிக்கை மோசடிதான். சொல்வதோ இரண்டு வரி: “எனக்கு இரண்டு பேர் உதவுவார்கள். முழுவதையும் நானே சரிபார்த்துத் தருவேன், பிழைக்கு நானே பொறுப்பு. உங்கள் கோப்பை அவர்களிடம் காட்டலாமா?” அவர் மறுத்தால் கூடுதல் நாள் கேட்டு நாமே செய்ய வேண்டும், அல்லது வேலையை விட்டுவிட வேண்டும்.

மீதித் தொகை பற்றி: துணியை வாங்கிய தையற்காரர் அதைக் குறைந்த கூலிக்கு மற்றவரிடம் கொடுப்பதை முற்கால அறிஞர்களில் சிலர் விரும்பவில்லை. வெட்டித் தருவது போல ஏதேனும் வேலையை அவரும் செய்திருந்தால் சரி என்றார்கள். இன்றைய தொழிலில் அந்த ‘வெட்டித் தருதல்’ சரிபார்ப்புதான். வல்லாஹு அஃலம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு சகோதரிக்கு, சர்க்கரை நோயாளிகளுக்கான கையேடுகளைத் தமிழாக்கும் வேலை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 24,000 சொற்கள், 12 நாள் தவணை, சொல்லுக்கு ரூ.1.50. ஒரு நாளைக்கு 1,500 சொற்கள் செய்யும் அவருக்குத் தனியாக என்றால் 16 நாள் ஆகும். ஆளுக்கு 8,000 சொற்கள் வீதம் இருவரிடம் 90 காசுக்குக் கொடுக்கிறார். மொத்தம் ரூ.36,000. அதில் இருவருக்கும் சேர்த்து ரூ.14,400, தன் பங்கு 8,000 சொற்களுக்கு ரூ.12,000. மீதி ரூ.9,600.

இந்த ரூ.9,600 சும்மா வரும் லாபமல்ல. அவர்களின் 16,000 சொற்களை நாளுக்கு 4,000 வீதம் சரிபார்க்க நான்கு நாள் வேண்டும். அப்படியானால் நாளுக்கு ரூ.2,400. தானே மொழிபெயர்த்திருந்தால் நாளுக்கு ரூ.2,250 கிடைத்திருக்கும், ஏறக்குறைய அதே கூலிதான். எழுத்து மோசமாக இருந்து சரிபார்ப்பு எட்டு நாளாக இழுத்தால் அது ரூ.1,200 ஆகிவிடும். அத்துடன் தன் பங்குக்கான ஆறு நாளையும் சேர்த்தால் தவணையும் தாண்டிவிடும். அந்த நெருக்கடியில்தான் பலர் படிக்காமலே அனுப்பிவிடுகிறார்கள். தரம் கெடுவது அங்கேதான்.

இது நேருமா என்பதைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ளலாம். ஆளை எடுக்கும் முன் 300 சொற்களைக் கூலி கொடுத்தே செய்யச் சொல்லுங்கள். இலவச மாதிரி கேட்காதீர்கள். அதைத் திருத்த எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். நாமே புதிதாக எழுதும் நேரத்தில் பாதிக்கு மேல் ஆனால் அவர் இந்த வேலைக்குப் பொருந்த மாட்டார், சொந்தக்காரராக இருந்தாலும் சரி. (நம் ஊர்களில் சிக்கலே அங்குதான்!) வேலை தொடங்கிய பின்னும் மொத்தமாகக் கடைசி நாளில் வாங்காமல், முதல் 500 சொற்களை மறுநாளே வாங்கித் திருத்தி, ஏன் திருத்தினோம் என்று சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும்.

இருவர் எழுதும்போது சொற்களும் பிரியும். ஒருவர் ‘ரத்தச் சர்க்கரை’ என்பார், மற்றவர் ‘குருதிச் சர்க்கரை’ என்பார். படிக்கும் நோயாளி இரண்டும் வேறோ என்று குழம்புவார். வேலையைப் பிரிக்கும் முன்பே, அடிக்கடி வரும் ஒரு நாற்பது சொற்களுக்குப் பட்டியல் போட்டு இருவருக்கும் கொடுத்துவிட வேண்டும். மருந்தின் அளவு, எண்கள், ‘சாப்பாட்டுக்கு முன்’, ‘பின்’ என்பவற்றை மூலத்தோடு வைத்துத் தனியாக ஒருமுறை பார்க்க வேண்டும். அழகான நடையில் மறைந்துகொள்ளும் பிழைகள் இவை.

கூலி விஷயத்தில் ஒரு பழக்கம் பரவியிருக்கிறது: “பார்ட்டி பணம் கொடுத்ததும் தருகிறேன்.” எந்த நாள் என்று தெரியாத இந்தத் தவணை ஒப்பந்தத்தையே கெடுக்கும். வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவதாக புகாரியில் வரும் ஹதீஸை நாம் அறிவோம். வாடிக்கையாளர் தாமதித்தால் அந்தச் சுமை வேலையை ஏற்ற நம்முடையது. “நான் சரிபார்த்து ஏற்றதிலிருந்து ஏழாம் நாள்” என்று தேதியை எழுதிவிடுங்கள். அந்த ரூ.14,400 கையில் இல்லையென்றால், வாடிக்கையாளரிடம் பாதித் தொகையை முன்பணமாகக் கேளுங்கள்; அதுவும் முடியாதென்றால் வேலையைச் சிறிதாக எடுங்கள். பிழையை ஒருமுறை இலவசமாகத் திருத்தித் தர வேண்டும் என்பதையும் முன்பே எழுதிக்கொள்ளலாம். ஆனால் நாம் ஏற்றுக்கொண்ட பிறகு வாடிக்கையாளர் பிழை கண்டால், அதற்காக அவர்கள் கூலியில் கைவைக்க நமக்கு உரிமையில்லை. சரிபார்ப்புக்கான பங்கைத்தான் நாம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டோமே.